ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு ஸ்டாஃப் நர்ஸின் பயோடேட்டா: ஒரு நிகழ்வு ஆய்வு

இது மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு நர்ஸின் பயோடேட்டா பற்றியது. அவருடைய அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், வார்டில் எல்லோரும் கூப்பிடுவது போல சிஸ்டர் என்றே சொல்கிறேன். நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆள் எடுக்கும் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறைய பயோடேட்டாக்களைப் படித்திருக்கிறேன் என்பதால், அவருடையதை எழுத உதவும்படி கேட்டு வந்தார்.

சிஸ்டர் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர். 2006-இல் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, அந்த ஆண்டு மார்ச் மாதம் சுமார் இருநூறு படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். மூன்று வருடம் பொது வார்டு. அப்புறம் ஆறு வருடம் சர்ஜிகல் ஐசியு. கடைசி இரண்டு வருடம் ஷிஃப்ட் இன்சார்ஜ். இரண்டாவது குழந்தை குறைமாதத்தில் பிறந்ததால் 2015 ஜூனில் வேலையை விட்டார். குழந்தை தேறிவந்த நேரத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டார். அவர் 2023 டிசம்பரில் காலமாகும் வரை வீட்டில் முழுநேரமும் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர்தான். 2024 தொடக்கத்தில் திரும்பவும் வேலை தேட ஆரம்பித்தபோது, கடைசியாக டூட்டி பார்த்து ஒன்பதாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பயோடேட்டா

அவர் கொண்டுவந்த பயோடேட்டா இரண்டு பக்கம். மேலே, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விரும்புவதாக மூன்று வரி நோக்கம். அதற்குக் கீழே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து படிப்பு விவரம். பிறகு ‘அனுபவம்: 9 ஆண்டுகள், ஸ்டாஃப் நர்ஸ்’ என்று ஒரே ஒரு வரி, அதில் தேதி கிடையாது. வேலை விவரமாக, நோயாளிகளைக் கவனித்தல், மருந்து கொடுத்தல், வைட்டல்ஸ் பார்த்தல் என்று இருந்தது. இரண்டாம் பக்கம் முழுக்கக் கணவர் பெயர், மதம், பொழுதுபோக்கு, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழி. இடைவெளியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பல மருத்துவமனைகளுக்கு அனுப்பியிருந்தார். ஓரிடத்திலிருந்து மட்டும் போன் வந்தது. “கடைசியாக எப்போது வேலை பார்த்தீர்கள்?” என்று ஹெச்ஆரில் கேட்டார்கள். இவர் சொன்னதும், “திரும்பக் கூப்பிடுகிறோம்” என்று வைத்துவிட்டார்கள்.

அந்த ஹெச்ஆர் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். பயோடேட்டாவைக் கையில் எடுத்ததும் நான் என்ன பார்ப்பேன் என்று சொல்கிறேன். முதலில் பதிவு எண்ணும் அது எதுவரை செல்லும் என்பதும். அடுத்தது கடைசி டூட்டித் தேதி. பிறகு எந்த யூனிட், எத்தனை படுக்கை, ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளி. கடைசியாக, நைட் வருவாரா. இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால்தான் மேலே படிப்பேன். தேதி இல்லாத அனுபவத்தைப் பார்த்தால், இவர் எதையோ சொல்லாமல் விடுகிறார் என்றுதான் தோன்றும். அவர் விட்டது ஒன்பது வருடமா, வேலையை விட்டு நீக்கிய கதையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எந்த சூப்பரின்டெண்டென்டும் பெரிதாகத்தான் நினைத்துக்கொள்வார், ஏனென்றால் அந்த நர்ஸின் கையில் நாளைக்கு நோயாளியைக் கொடுக்கப் போவது அவர்தான்.

இடைவெளியை மறைப்பது இப்போது நடக்கவும் நடக்காது. 2014 அக்டோபரிலிருந்து பிஎஃப் கணக்குகளுக்கு, வேலை மாறினாலும் மாறாத யுஏஎன் எண் வந்துவிட்டது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் பதிவாகி நிற்கும். வேலைக்கு எடுக்கும்போது ஹெச்ஆர் அந்த எண்ணைக் கேட்பார்கள். பணிச் சான்றிதழைச் சரிபார்க்கப் பழைய மருத்துவமனைக்கு மெயிலும் போகும். அதனால் நாங்கள் முதலில் செய்தது, சிஸ்டரின் யுஏஎன் கணக்கைத் திறந்து தேதிகளைப் பார்த்தது. அவர் 2016 தொடக்கம் வரை வேலை பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். பதிவில் 2015 ஜூன் என்று இருந்தது. கணக்கில் இருந்த தேதியைத்தான் பயோடேட்டாவிலும் போட்டோம். ஆறு மாதம் கூடுதலாகப் போட்டிருந்தால், அவர் நினைவுப்பிசகு என்று யாரும் எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

எழுதுவதற்கு முன் செய்தவை

இடைவெளியை நல்லவிதமாகச் சொல்வது வார்த்தையில் வராது, அதன் கடைசிப் பகுதியில் என்ன செய்தீர்கள் என்பதில்தான் வரும். ஒன்பது வருடத்தில் எட்டரை வருடம் வீட்டில் இருந்ததை மாற்ற முடியாது. கடைசி ஆறு மாதத்தை மாற்றலாம். சிஸ்டர் ஜனவரியில் என்னிடம் வந்தார். ஜூன் மாதம் வரை எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, வீட்டில் பணத்தேவை இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

முதல் வேலை பதிவு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. சிஸ்டரின் பதிவு காலாவதியாகியிருந்தது. பதிவு செல்லாத நர்ஸுக்கு டூட்டி போட முடியாது; என்ஏபிஹெச் தரச்சான்று உள்ள மருத்துவமனையில் ஒவ்வொரு நர்ஸின் பதிவையும் சரிபார்த்துக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். அதனால் இந்த ஒரு வரி பலவீனமாக இருந்தால் மற்ற எல்லாம் வீண். சிஸ்டர் கவுன்சில் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டு, வேண்டிய காகிதங்களைக் கொடுத்து, தொடர்கல்வி வகுப்புகளுக்குப் போகத் தொடங்கினார். புதுப்பித்த சான்று கைக்கு வரத் தாமதமானால், விண்ணப்பித்த தேதியையும் ஒப்புகை எண்ணையும் பயோடேட்டாவில் போடலாம். வெறுமனே ‘புதுப்பித்தலில் உள்ளது’ என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை.

இரண்டாவது, உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சி, அதாவது பிஎல்எஸ். அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே சிஸ்டரிடம் இருந்தது எப்போதோ காலாவதி. அட்டையைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவர் கற்றது 2010 வழிகாட்டுதல். அதில் மார்பு அழுத்தம் நிமிடத்துக்குக் குறைந்தது 100, ஆழம் குறைந்தது 5 செ.மீ. என்று இருந்தது. அவர் வேலையை விட்ட நான்கே மாதத்தில், 2015 அக்டோபரில், புது வழிகாட்டுதல் வந்து 100 முதல் 120 வரை, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல் என்று மேல்வரம்பும் சேர்ந்தது. நேர்காணலில் இதைக் கேட்பது வழக்கம். ‘நூறுக்கு மேலே’ என்று மட்டும் பதில் வந்தால், இவர் எந்த வருடத்தில் நின்றுவிட்டார் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மருத்துவக் கழிவு விஷயமும் அப்படித்தான். 2016 மார்ச்சில் வந்த விதிகள் பழைய பத்து வகைகளை நான்கு நிறங்களுக்குள் கொண்டுவந்தன. மஞ்சளில் ரத்தம் பட்ட பஞ்சும் உடல் பாகங்களும். சிவப்பில் ஐவி செட், கத்தீட்டர், கையுறை போன்ற பிளாஸ்டிக். வெள்ளையில் ஊசியும் பிளேடும். நீலத்தில் கண்ணாடி. சிஸ்டர் மனதில் இருந்தது 1998 விதிகளின்படி வார்டில் ஒட்டியிருந்த பழைய அட்டவணை. இதைப் படித்துக்கொள்ள ஒரு மாலை போதும். ஆனால் படித்தேன் என்பதற்குச் சான்று வேண்டுமே, அதற்காகத் தொற்றுத் தடுப்பு வகுப்பு ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார். அதே விதிகள் ஊழியருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் சொல்வதால், பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, ரத்தத்தில் அந்த எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று காட்டும் ஆன்டி-ஹெச்பிஎஸ் அளவையும் பரிசோதித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, வார்டில் நிற்பது. அவருடன் படித்த ஒருவர் ஒரு நடுத்தர மருத்துவமனையில் இன்சார்ஜாக இருந்தார். அந்த மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சர்ஜிகல் வார்டிலும், ஐசியுவுக்கு அடுத்த நிலைக் கண்காணிப்புப் பிரிவான ஹெச்டியுவிலும் ஒரு மாதம் பார்வையாளராக நின்றார். நோயாளியின் உடலில் எந்தச் செயல்முறையும் செய்யவில்லை; பதிவு புதுப்பிக்கப்படாத நிலையில் செய்யவும் கூடாது. ஹேண்டோவர் எப்படி நடக்கிறது, கணினியில் மருந்துக் குறிப்பு எப்படி ஏறுகிறது, இன்ஃப்யூஷன் பம்ப் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தார். முடிவில் தேதியும் யூனிட்டும் குறித்த கடிதம் ஒன்று வாங்கினார். எல்லா மருத்துவமனையும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. தெரிந்தவர் இல்லையென்றால் சிறிய நர்சிங் ஹோம்களில் கேட்டுப் பார்க்கலாம். இந்த ஒரு கடிதத்துக்காக அலைவது வீண்போகாது.

இடைவெளி வரிகள்

இனி எழுதும் வேலை. பயோடேட்டா ஆங்கிலத்தில்தான் போனது, அதன் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

சிஸ்டர் தானாக எழுதிப் பார்த்த முதல் வரி இது: ‘தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பணியைத் தொடர இயலவில்லை.’ இதில் மன்னிப்புக் கேட்கும் தொனி இருக்கிறது, தகவல் இல்லை. அந்தச் சூழ்நிலை இன்னும் இருக்கிறதா, முடிந்துவிட்டதா? படிப்பவருக்குத் தேவையான அந்த ஒன்று மட்டும் அதில் கிடையாது.

இரண்டாவது முறை எதிர்த்திசையில் போய்விட்டார். யாரோ சொல்லிக்கொடுத்தபடி, ‘2018–2023: ஹோம் கேர் நர்ஸ்’ என்று பணி அனுபவத்தில் சேர்த்திருந்தார். கூடாது என்றேன். சம்பளம் இல்லை, பணிச் சான்று இல்லை, மருத்துவர் மேற்பார்வையில் எழுதிய குறிப்பு இல்லை. பார்த்தது ஒரே ஒரு நோயாளியை, அதுவும் சொந்த மாமனாரை. நேர்காணலில் “எந்த ஏஜென்சி?” என்று கேட்டால் அந்த ஒரு வரியோடு சேர்ந்து உண்மையான ஒன்பது வருட அனுபவமும் சந்தேகத்துக்குள் போய்விடும். அதற்காக அந்த ஆறு வருட உழைப்பைச் சொல்லாமல் விடவும் வேண்டாம். அது வேலை அனுபவம் அல்ல, ஆனால் நர்ஸ் ஒருவர் செய்த பராமரிப்பு. அதற்கு உரிய இடம் இடைவெளிப் பகுதி.

கடைசியில் நின்ற வடிவம் இது:

> மறுபணித் தயாரிப்பு: ஜனவரி 2024 – ஜூன் 2024
> செவிலியர் கவுன்சில் பதிவு புதுப்பித்தல். பிஎல்எஸ் சான்றிதழ். தொற்றுத் தடுப்பு, மருத்துவக் கழிவு மேலாண்மைப் பயிற்சி. சர்ஜிகல் வார்டு, ஹெச்டியு பார்வையாளர், ஒரு மாதம் (கடிதம் இணைப்பு).
>
> குடும்பப் பராமரிப்புக்கான இடைவெளி: ஜூலை 2015 – டிசம்பர் 2023
> குழந்தை வளர்ப்பு. பிறகு, படுக்கையில் இருந்த குடும்ப மூத்தவரின் முழுநேரப் பராமரிப்பு: ரைல்ஸ் ட்யூப் உணவு, சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு, படுக்கைப்புண் தடுப்பு. இந்தப் பொறுப்பு டிசம்பர் 2023-இல் முடிந்தது.
>
> ஸ்டாஃப் நர்ஸ்: மார்ச் 2006 – ஜூன் 2015

இந்த வரிகளில் நான் கவனித்த சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்தை ஒரே கட்டியாக வைக்காமல் இரண்டாகப் பிரித்தோம். பின்னால் நடந்தது முதலில் வரும் வரிசை என்பதால், மேலிருந்து படிப்பவர் கண்ணில் முதலில் படுவது தயாரிப்பு. அதைப் படித்த பிறகுதான் இடைவெளிக்கு வருகிறார், வந்தவுடனே ‘முடிந்தது’ என்ற வரியும் இருக்கிறது. குழந்தை குறைமாதம் என்பதையும் மாமனாரின் நோயையும் வெளியே எடுத்துவிட்டோம். அவை அந்த வீட்டாரின் அந்தரங்கம். ஆள் எடுப்பவருக்கு அவை எந்த முடிவுக்கும் தேவைப்படாது. குழந்தைகளின் வயதையும் எழுதவில்லை. அதற்குப் பதில் பக்கத்தின் கீழே, எந்தெந்த ஷிஃப்டுக்கு வர முடியும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

அந்த ஷிஃப்ட் வரிக்கே தனியாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. சிஸ்டர் ‘எந்த ஷிஃப்டுக்கும் தயார்’ என்று எழுதியிருந்தார். “நைட் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அம்மா வந்து தங்குவார், ஆனால் மாதம் முழுக்க நைட் என்றால் முடியாது என்றார். அப்படியானால் ‘சுழற்சி முறையில் நைட் உட்பட மூன்று ஷிஃப்டும்’ என்று எழுதுங்கள் என்றேன். அதுவே பெரும்பாலான வார்டுகளின் டூட்டி முறைதான், அதனால் அவர் எதையும் இழக்கவில்லை. திரும்பி வரும் நர்ஸைப் பற்றி நிர்வாகத்துக்கு இருக்கும் பெரிய பயம், இரண்டு மாதத்தில் வீட்டுக் காரணம் சொல்லி நின்றுவிடுவார் என்பது. நிறைவேற்ற முடியாத வாக்கை வரியில் வைத்தால், அந்தப் பயத்தை நாமே உண்மையாக்கிவிடுவோம்.

2021-இல் அவர் ஊரில் நடந்த கொரோனா தடுப்பூசி முகாம்களில் சில வாரம் உதவியதைப் பேச்சுவாக்கில் சொன்னார். பயோடேட்டாவில் அது இல்லவே இல்லை. பெயர் பதிந்ததும், ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்து மயக்கம், மூச்சுத்திணறல் ஏதாவது வருகிறதா என்று பார்த்ததும்தான் அவர் வேலை. ஊசி போடவில்லை. முகாமை நடத்திய தன்னார்வக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி, ‘பதிவு, ஊசிக்குப் பிந்தைய கண்காணிப்பு’ என்று செய்ததை மட்டும் எழுதி இடைவெளிப் பகுதியில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

திறன்கள் பகுதி

என் பார்வையில் இந்த பயோடேட்டாவை மாற்றியது இந்தப் பகுதிதான். பழையதில் ‘வென்டிலேட்டர் கேர், சென்ட்ரல் லைன், ஏபிஜி, சக்‌ஷன், ஐசிடி, கேனுலா’ என்று ஒரே வரியில் கோத்திருந்தார். ஏபிஜி என்றால் தமனி ரத்தப் பரிசோதனை, ஐசிடி என்றால் மார்புக்குள் வைக்கும் வடிகுழாய். எல்லாம் உண்மை, ஆனால் எல்லாம் 2015-இல் உண்மை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை இன்று அவர் தனியாகப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். “முடியாது மேடம், யாராவது கூட நிற்கணும்” என்றார். அந்தப் பதிலையே எழுதுவோம் என்றேன். பயந்துவிட்டார், தெரியாது என்று எழுதினால் யார் எடுப்பார்கள் என்று.

அது தெரியாது என்று எழுதுவது ஆகாது. புதிதாகச் சேரும் எந்த நர்ஸுக்கும், நேற்றுவரை வேறு ஐசியுவில் இருந்தவருக்கும்கூட, திறன் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு செயல்முறையையும் சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாகச் செய்யவிடுவார்கள். சிஸ்டரின் திறன் பகுதியை அந்தப் பட்டியல் போலவே அமைத்தோம்:

> இப்போதே செய்யக்கூடியவை: வைட்டல்ஸ், உள்ளே-வெளியே திரவக் கணக்கு, ரைல்ஸ் ட்யூப் உணவு, சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு, படுக்கைப்புண் மதிப்பீடு, பிஎல்எஸ்.
>
> 2015 வரை சர்ஜிகல் ஐசியுவில் தினமும் செய்தவை. மேற்பார்வையில் மறுசரிபார்ப்பு வேண்டுகிறேன்: கேனுலா போடுதல், சென்ட்ரல் லைன் பராமரிப்பு, ஐசிடி, சக்‌ஷன், வென்டிலேட்டர் நோயாளி, ஏபிஜி மாதிரி எடுத்தல்.
>
> புதிதாகக் கற்க வேண்டியவை: மின்னணு நோயாளிப் பதிவு, தற்போதைய இன்ஃப்யூஷன் பம்ப் மாடல்கள்.

இதைப் பார்க்கும் சூப்பரின்டெண்டென்டுக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது. முதல் வாரம் எங்கே போடலாம், யாரோடு ஜோடி சேர்க்கலாம், எதற்கெல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அந்த மூன்று வரியிலேயே தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது, என் கணக்கில் அது எல்லாவற்றையும்விடப் பெரிது: தன் எல்லை எது என்று இவருக்குத் தெரியும். வார்டில் ஆபத்தான நர்ஸ் தெரியாதவர் அல்ல, தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்பவர்.

கேனுலாவை இரண்டாவது வரியில் வைத்தது ஏன் என்று சிலர் கேட்கலாம், அது சாதாரண வேலைதானே. மாமனாருக்கு அவர் வீட்டில் கேனுலா போட்டதில்லை; அதனால் கடைசியாகப் போட்டது 2015-இல். நரம்பு கிடைக்கும் கை ஒன்பது வருடத்தில் விட்டுப்போயிருக்கலாம். ஒரு டஜன் போட்டதும் வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தாலும், அதைச் சொல்ல வேண்டியது பக்கத்தில் நின்று பார்க்கும் சீனியர்.

ஐசியு அனுபவத்தையும் எண்ணிக்கையோடு எழுதச் சொன்னேன். ‘நோயாளிகளைக் கவனித்தல்’ என்பதை எடுத்துவிட்டு, எத்தனை படுக்கை ஐசியு, ஒரு ஷிஃப்டில் அவர் கையில் எத்தனை நோயாளி, இன்சார்ஜாக எத்தனை பேருக்கு டூட்டி பிரித்தார், கிராஷ் கார்ட் சரிபார்ப்பு யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றையும் வரியாக்கினோம். பழைய அனுபவம் எவ்வளவுக்கு எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நம்பும்படி இருக்கும். மதம், பொழுதுபோக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண், உறுதிமொழி எல்லாம் போய், மொத்தமும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

எங்கே, எப்படி அனுப்பினோம்

ஐசியுவுக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். திறன் பகுதியில் ஐசியு வேலை முழுக்க ‘மறுசரிபார்ப்பு வேண்டும்’ என்று இருக்கும்போது ஐசியு கேட்பது பொருந்தாது. சர்ஜிகல் வார்டு, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டு, ஹெச்டியு என்று மூன்றுக்கு மட்டும் அனுப்பினார். மெயிலில் இணைப்போடு, வணக்கத்துக்குப் பிறகு ஐந்து வாக்கியம்:

> வணக்கம். சர்ஜிகல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஆறு ஆண்டு சர்ஜிகல் ஐசியு உட்பட ஒன்பது ஆண்டு அனுபவம் உண்டு. குடும்பப் பராமரிப்புக்காக 2015 ஜூன் முதல் இடைவெளி எடுத்திருந்தேன், அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. பதிவும் பிஎல்எஸ்ஸும் புதுப்பித்திருக்கிறேன், ஒரு மாதம் வார்டில் பார்வையாளராக இருந்தேன். ஐசியு திறன்களை மேற்பார்வையில் சரிபார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இடைவெளியை மெயிலின் மூன்றாவது வாக்கியத்திலேயே சொல்லிவிட்டோம். போனில் “கடைசியாக எப்போது?” என்று கேட்டுத் திகைக்கும் கட்டமே இதனால் வராது. கூப்பிடுகிறவர்கள் தெரிந்தேதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு இடங்களில் நேர்காணல் கிடைத்தது. இரண்டிலும் வந்த கேள்வி, “திரும்பவும் வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால்?” என்பது. இதற்கு ‘வராது’ என்று சொல்லக்கூடாது, யாராலும் சொல்ல முடியாது. “போன முறை வீட்டில் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது அம்மா கூட இருக்கிறார், கணவரின் தங்கையும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். அவசரம் என்றால் லீவு கேட்பேன், வேலையை விடமாட்டேன்” என்று சிஸ்டர் சொன்னார். ஏற்பாடு என்ன என்று சொன்னதால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

ஓரிடத்தில் மாமனாரின் பராமரிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பயோடேட்டாவில் எழுதாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தை அப்போது சொன்னார். ஒரு நாள் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதியில் சிவப்பு தெரிந்தது, விரலால் அழுத்தியபோது வெளுக்கவில்லை. முதல் நிலைப் புண் என்று புரிந்து, மல்லாந்து படுக்க வைப்பதை நிறுத்தி, இரண்டு பக்கமும் முப்பது டிகிரி சாய்த்துத் தலையணை வைத்து, திருப்பும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். தோல் உடையவில்லை. அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது என்றதும், கேட்டவர் திறன் பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டாராம். இப்படிப்பட்ட ஒன்றைப் பேச்சில் சொல்லும்போதுதான் எடுபடும்; பயோடேட்டாவில் ‘படுக்கைப்புண் தடுப்பு’ என்ற இரண்டு சொல் இந்தக் கேள்வியை வரவழைத்தால் போதும்.

பயோடேட்டாவால் முடியாதவை

ஒரு மருத்துவமனை, ஐந்து வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எடுப்பதில்லை என்று நேராகச் சொல்லிவிட்டது. அது அவர்களின் விதி. எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதைத் தாண்ட முடியாது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பும் தகுதி விதிகளும்தான் கணக்கு, அங்கே இந்த பயோடேட்டாவுக்கு வேலையில்லை. சம்பளமும் சிஸ்டர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. சர்ஜிகல் வார்டில் எடுத்த மருத்துவமனை, புதிதாகச் சேருபவருக்கான சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடக் கொடுத்தது. ஆனால் பழைய அனுபவம் மாதக் கணக்கோடு சரிபார்க்கப்பட்டு இருந்ததால், திறன் சரிபார்ப்பு முடிந்ததும் சம்பளத்தை மறுபரிசீலனை செய்வோம் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தரும்படி கேட்டார், கொடுத்தார்கள். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

சேர்ந்த பிறகும் பயோடேட்டாவை மூடி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சீனியர் கையெழுத்துப் போடப் போட, இரண்டாவது வரியில் உள்ள திறன்களைத் தேதியோடு முதல் வரிக்கு மாற்றிக்கொண்டே வருகிறார். கேனுலா போய்விட்டது, ஐசிடியும் சக்‌ஷனும் போய்விட்டன. புதிய வேலை வரி மேலே வந்துவிட்டதால், மறுபணித் தயாரிப்பையும் குடும்ப இடைவெளியையும் இப்போது ஒரே வரியாகச் சுருக்கியாயிற்று. வென்டிலேட்டரும் ஏபிஜியும் இன்னும் இரண்டாவது வரியில் இருக்கின்றன. ஹெச்டியுவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார், அங்கே போனால்தான் அவற்றுக்குக் கையெழுத்துக் கிடைக்கும்.